கலியாணமாகி மாதங்கள் போயும் உறவு முடியவில்லை என்றால்: யோனி இறுக்கம் பற்றி

"அக்கா, அதில ஒரு சுவர் இருக்கிற மாதிரிக் கிடக்கு."

பெண்களுக்கான கிளினிக்கில் நேர்ஸாக வேலை செய்த காலத்தில் இந்த வசனத்தை நான் எத்தனையோ வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். முள்ளியவளையில் இருந்து வந்தவரும் சொன்னார், துணுக்காய்ப் பக்கம் வயல்வீட்டில் இருந்து வந்தவரும் சொன்னார், ஒருவரை ஒருவர் தெரியாது, ஆனாலும் இருவருக்கும் சுவர் என்ற சொல்தான் வந்தது. புதிதாகக் கலியாணம் கட்டி, கணவனோடு உடலுறவுக்கு முயலும்போது உள்ளே போக இடமே இல்லாதது போல இருக்கும், அல்லது கத்தியால் கீறுவது போல எரியும், கால்கள் தாமாகவே ஒடுங்கும். இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, வஜைனிஸ்மஸ். தமிழில் யோனி இறுக்கம் என்று சொல்லலாம். 1860களிலேயே பெயர் வைக்கப்பட்ட பழைய வருத்தம் இது, எங்கள் ஊரில் உங்களுக்கு மட்டும் புதிதாக வந்ததல்ல.

அந்தச் சுவர் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது விளங்கினாலே பாதிப் பயம் குறையும். அங்கே சுவர் கிடையாது. எலும்பும் கிடையாது. "எனக்கு வழி சின்னன்போல" என்று நினைப்பதும் அநேகமாகத் தவறு. யோனி என்பது எப்போதும் திறந்திருக்கும் குழாய் அல்ல, மடிப்பு மடிப்பான தசைச் சுவர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி இருக்கும் ஒரு வழி. தேவைப்படும்போது விரியும், ஒரு பிள்ளையின் தலை வெளியே வருகிற அளவுக்கு விரியும். அதன் வாசலைச் சுற்றி, இடுப்பின் அடித்தளத்தில், ஒரு தூளி போலத் தசைகள் கட்டப்பட்டிருக்கின்றன. மூத்திரத்தை அடக்கும்போது நீங்கள் இறுக்குவதும் இந்தத் தசைகளைத்தான். யோனி இறுக்கம் உள்ள பெண்ணுக்கு, உள்ளே ஏதோ வரப்போகிறது என்று உடம்பு உணர்ந்த உடனேயே இந்தத் தசைகள் அவரைக் கேட்காமல் இறுகிவிடுகின்றன. அந்த இறுகிய தசைதான் கணவனுக்கும் மனைவிக்கும் சுவராகத் தெரிகிறது.

கேட்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிரவல் ரோட்டில் ஒரு டிப்பர் உங்களைக் கடந்து போகும்போது புழுதி கண்ணுக்குள் விழ முந்தி இமை மூடிக்கொள்ளும். நீங்கள் யோசித்து மூடுவதில்லை, மூடாமல் இரு என்று யாராவது பக்கத்தில் நின்று அதட்டினாலும் அது மூடும். கீழே நடப்பதும் அதே வகைதான். ஒருமுறை மூடிய பிறகு தள்ளினால் நோகும், நொந்தது மூளையில் பதியும், அடுத்த முறை இன்னும் முந்தியே மூடும். மூன்று நான்கு தடவை இப்படி நடந்துவிட்டால் கணவன் கட்டிலில் வந்து இருந்தாலே தொடை, அடிவயிறு, குண்டித் தசை எல்லாம் இறுகி மூச்சும் நின்றுவிடும். பொறுத்துக்கொண்டு முயன்றால் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது இந்த இடத்தில் பிழையாகிப்போவது இதனால்தான். பொறுத்துக்கொண்டு செய்யும் ஒவ்வொரு முயற்சியும் பூட்டை இன்னும் பலமாக்குகிறது.

அதற்காக முதல் நாளில் வரும் எல்லா நோவும் இந்த வருத்தம் அல்ல. முதல் சில தடவைகளில் கொஞ்சம் எரிவு, ஒரு இழுவை, சிலருக்குத் துளி இரத்தம் வரலாம், அது நாட்கள் போகப் போகக் குறையும். (இரத்தம் வராமலும் இருக்கலாம். கன்னிச்சவ்வு என்பது வாசலை அடைத்திருக்கும் மூடி அல்ல, ஓரத்தில் இருக்கும் நெகிழ்ந்த தோல் மடிப்பு, அதில் ஏற்கெனவே வழி இருப்பதால்தான் மாதவிடாய் வெளியே வருகிறது. இரத்தத்தை வைத்து ஒரு பெண்ணை அளக்க முடியாது.) உடம்பு ஈரமாகி ஆயத்தமாக நேரம் கொடுக்காமல் அவசரப்பட்டாலும் நோகும், நேரம் கொடுத்தால் அது சரியாகும். யோனி இறுக்கம் அப்படிக் குறைவதில்லை. நேரம் கொடுத்தாலும், விருப்பம் இருந்தாலும், வாசலிலேயே நின்றுவிடும்.

விருப்பம் இருந்தாலும் என்று எழுதினேன். பல வீடுகளில் சண்டை தொடங்குவது இந்த இடத்தில். கணவனுக்கு ஆசை உண்டு, மனைவிக்கும் உண்டு, கட்டியணைக்கும்போது மகிழ்ச்சி உண்டு, உடம்பு ஈரமாகவும் செய்கிறது, உள்ளே போகும் கணத்தில் மட்டும் எல்லாம் பூட்டிக்கொள்கிறது. அதைப் பார்க்கிற கணவன் "உனக்கு என்னில விருப்பம் இல்லை" என்கிறார், இன்னும் மோசமாக, மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைக்கிறார். அந்தத் தசை ஆசையையோ அன்பையோ காட்டும் கருவி அல்ல. இதைக் கணவன்மாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஏன் சிலருக்கு மட்டும்? ஒரே காரணத்தைப் பிடித்துக் காட்ட முடிவதில்லை. கலியாணத்துக்கு முந்தி சிநேகிதிகளும் மச்சாள்மாரும் சொன்ன பயங்கரக் கதைகள், அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு, அவசரத்தில் நடந்து மிகவும் நொந்துபோன முதல் முயற்சி, ஆறாமல் கிடந்த பூஞ்சணத் தொற்று என்று பலதும் சேரலாம். சிறுவயதில் அல்லது யுத்த காலத்தில் உடம்பில் வன்முறை நடந்த பெண்களுக்கும் இது வரலாம், அவர்களுக்கு உளநலப் பிரிவின் உதவியும் கூடவே வேண்டும். ஆனால் இறுக்கம் இருக்கிறது என்பதாலேயே முன்பு ஏதோ நடந்திருக்கிறது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. எதுவுமே நடக்காத, அமைதியான வீட்டில் வளர்ந்த பெண்களுக்கும் வருகிறது. வேறு நாடுகளில் மாதவிடாய்க்கு உள்ளே வைக்கும் பஞ்சைப் பாவிக்கும் பெண்கள் பதின்வயதிலேயே, அது உள்ளே போகாதபோது, இதை அறிந்துகொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பாவிப்பது பாட் அல்லது துணி. அதனால் கலியாண இரவில்தான், அதுவும் இன்னொருவருக்கு முன்னால், முதன்முதல் தெரியவருகிறது. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன், ஆளைத் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கம். வயது 26, கணவர் தச்சு வேலை. கலியாணமாகிப் பதினான்கு மாதம் கழித்து மாமிதான் கூட்டிவந்தார், "பிள்ளை ஒண்டும் தங்கேல்லை" என்று. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தி வேறு ஒரு இடத்தில் காட்டி, இரத்தப் பரிசோதனையும் வயிற்றுக்கு மேலால் ஸ்கானும் செய்து, எல்லாம் நல்லாயிருக்கிறது என்று முட்டை வளரக் குளிசையும் கொடுத்திருந்தார்கள். ஒருவரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் டொக்டர் மாமியை வெளியே இருத்திவிட்டு, துண்டைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: "உறவு முழுமையா நடக்குதோ பிள்ளை, உள்ளுக்குப் போகுதோ?" அந்தத் தங்கச்சி கைலேஞ்சியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார், பதில் இல்லை. பிறகு தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். பதினான்கு மாதமாக அவர் அதைத் தன் தாய்க்கும் சொல்லவில்லை.

அன்று கட்டிலில் ஏற்றிப் பார்க்கவேயில்லை. அது சரியான முடிவு. இந்த வருத்தத்தில் அவசரமாகக் கருவி வைத்துப் பார்ப்பதே இன்னொரு காயமாகிவிடும், ஆள் திரும்பி வரமாட்டார். அன்று கதைத்ததோடு சரி. அடுத்த தடவை வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை ஈரமாக்கி வாசலைச் சுற்றி ஒவ்வொரு இடமாக மெல்லத் தொட்டு, "இதில நோகுதோ, இதில?" என்று கேட்டார் டொக்டர். மெல்லத் தொட்டாலே ஒரு குறித்த இடத்தில் சுரீரென்று எரிந்தால் அது வாசல் தோலின் நரம்பு நோவாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் கொஞ்சம் வேறு. இவருக்கு அப்படி இல்லை. பிறகு அனுமதி கேட்டு, ஜெலி பூசிய ஒரு விரல் நுனியை வாசலில் வைத்தபோது தசை ஒரு வளையம் போல இறுகியது தெரிந்தது, முழங்கால்கள் சேர்ந்துவிட்டன, குண்டி கட்டிலில் இருந்து எழும்பிவிட்டது. டொக்டர் உடனே கையை எடுத்துவிட்டார். ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "இப்ப இறுக்கின மாதிரி நீங்களே இறுக்கிப் பாருங்கோ, இனி விடுங்கோ" என்றார். தன் உடம்பை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்த அந்தத் தங்கச்சி, இறுகுவதையும் விடுவதையும் கண்ணால் கண்டார். "இது ஓட்டையே இல்லை எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

அடுத்ததாகக் கணவரையும் கூப்பிட்டு ஒரு தடை போட்டோம். டொக்டர் சொல்லும் வரை உள்ளே போகும் முயற்சியே கூடாது. கட்டியணைக்கலாம், தொடலாம், மற்ற எல்லாம் இருக்கலாம், அது மட்டும் இல்லை. வைத்தியத்தின் முக்கியமான பாகம் இது. "இண்டைக்கு முயற்சி செய்யவேண்டி வருமோ" என்ற பயம் ஒவ்வொரு இரவும் இருந்தால் எந்தத் தசையும் இளகாது. பல பெண்கள் முத்தத்தைக்கூடத் தவிர்ப்பது அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்ததால்தான். தடை போட்ட பிறகு அவர் கணவருக்குப் பக்கத்தில் பயமில்லாமல் படுத்தார், அந்த வித்தியாசத்தை இருவருமே சொன்னார்கள்.

முதல் இரண்டு கிழமை மூச்சு மட்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, வயிறு உயரும்படி மெல்ல மூச்சை இழுக்கும்போது கீழ்த்தசைகளைத் தளர விடுவது, மூத்திரம் போகத் தொடங்கும் அந்தக் கணத்தில் எப்படி விடுகிறோமோ அப்படி. பலர் இறுக்கும் பயிற்சியைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சொல்லிக்கொடுப்பது. இங்கே தேவை அதன் எதிர்ப்பக்கம். இறுக்குவது இந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும், விடுவதுதான் தெரியாது.

மூன்றாம் கிழமையில் இருந்து தன் சொந்தச் சின்னி விரல். நகம் வெட்டி, கை கழுவி, தாராளமாக ஜெலி பூசி, முதலில் வாசலில் தொட்டபடி வைத்திருப்பது. தசை இறுகினால் விரலை எடுத்துவிடாமல், தள்ளவும் செய்யாமல், அப்படியே வைத்து மூச்சு விடுவது. ஒன்று இரண்டு நிமிடத்தில் தசை களைத்து இளகும், இளகும்போது நுனி உள்ளே போகும். விரல் போனதால் மூளைக்கு ஒரு புதுச் செய்தி கிடைக்கிறது: ஏதோ வந்தது, நோகவில்லை. அந்தப் பழைய பதிவை அழிக்க வேறு வழி கிடையாது, நோகாத அனுபவங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கவேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், கிழமையில் நான்கைந்து நாள். ஒரு இழுவை, அசௌகரியம் இருந்தால் பரவாயில்லை, கூர்மையாக நொந்தால் ஒரு படி பின்னுக்குப் போகவேண்டும்.

சின்னி விரல் சுகமாகப் போன பிறகு சுட்டுவிரல், பிறகு இரண்டு விரல். டைலேட்டர் என்று வழுவழுப்பான, முனை உருண்ட குழாய்கள் அளவு அளவாக விற்கிறார்கள், விரல் பருமனில் தொடங்கி ஆணுறுப்பின் பருமன் வரைக்கும். எங்கள் பக்கத்தில் அவை இலேசில் கிடைப்பதில்லை, அது இல்லாமல் விரலாலேயே முழுவதையும் செய்து முடிக்கலாம், இந்தத் தங்கச்சி அப்படித்தான் செய்தார். ஜெலி இல்லாதவர்கள் சுத்தமான தேங்காய் எண்ணெய் பாவிக்கலாம், ஆனால் ஆணுறை பாவிப்பவர்கள் எண்ணெய் தொடக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும்.

அவருக்கு இடையில் ஒரு மாதம் ஒன்றுமே நகரவில்லை. காரணம் வைத்தியத்தில் இல்லை, வீட்டில் இருந்தது. திட்டத்தில் கட்டிய சின்ன வீடு, அறைக்குக் கதவு இன்னும் போடவில்லை, சேலையைத்தான் திரையாகக் கட்டியிருந்தார்கள், அந்தப் பக்கம் மாமி படுப்பார். யாராவது வருகிறார்களோ என்று காதைக் கொடுத்துக்கொண்டு எப்படித் தசையை விடுவது? எங்கள் வீடுகளில் இது பெரிய விஷயம், மருத்துவப் புத்தகத்தில் இது இருக்காது. கணவர் தச்சர்தானே, அடுத்த கிழமையே பலகைக் கதவு ஒன்று செய்து உள்ளே கொண்டியும் போட்டார். பயிற்சி நேரத்தை மாமி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பின்னேரத்துக்கு மாற்றினார்கள். பிறகு நகர்ந்தது.

இரண்டு விரல் நோகாமல் போன பிறகு கணவரின் ஒரு விரல், அவர் கையை மனைவியே பிடித்து வழிகாட்டியபடி. அதன் பிறகுதான் தடை எடுபட்டது. அதுவும் படிப்படியாக: மனைவி மேலே, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் கையில். முதல் நாள் நுனி மட்டும், அசைவில்லாமல். நொந்தால் வெளியே எடுத்துத் திரும்ப மூச்சு. முழுமையான உறவு நடந்தபோது தொடங்கி ஐந்து மாதம் போயிருந்தது. சிலருக்கு இரண்டு மாதம் போதும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும், விட்டுவிட்டுச் செய்தால் நீளும்.

இதற்கு நடுவில் ஊரில் சொல்லப்படும் சில யோசனைகளுக்குப் பதில் சொல்லவேண்டும். பிடித்துக்கொண்டு ஒருமுறை செய்துவிட்டால் சரியாகும் என்பது அநியாயம், அது வன்முறை, வருத்தத்தையும் முற்றச் செய்யும். கொஞ்சம் குடிக்கக் கொடுத்துப் பார் என்பதும் மரக்கப்பண்ணும் களிம்பு மட்டும் பூசிப் பார் என்பதும் வேலைக்காகாது, மூளை அதனால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. வாசலை வெட்டிப் பெருப்பிக்கும் சத்திரசிகிச்சை அந்தக் காலத்தில் செய்தார்கள், இன்று இந்த வருத்தத்துக்கு அது தேவையில்லை, வழி சிறியதே அல்ல என்பதால். சவ்வே பிறவியில் தடித்தோ குறுக்காகவோ இருக்கும் ஆட்கள் உண்டு, மிகவும் அரிது, அதை வைத்தியர் பார்த்துச் சொல்வார். எல்லாம் செய்தும் இளகாத சிலருக்குத் தசையில் பொட்டொக்ஸ் ஊசி போடும் முறையும் இருக்கிறது, அது நிபுணர் முடிவெடுக்கவேண்டியது.

நோவு வாசலில் இல்லாமல் ஆழத்தில், அடிவயிற்றில் என்றால் கதை வேறு. மாதவிடாய்க்கும் துடிதுடித்து நோகிறவர்களுக்குக் கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் வருத்தம் இருக்கலாம். தயிர் போல வெள்ளை, கடி, எரிவு என்றால் பூஞ்சணம், மருந்து போட்டால் மாறும். பாலூட்டும் தாய்க்கு ஈரம் குறைந்து நோகும். உறவுக்குப் பிறகு இரத்தம் படுவது, நாற்றமுள்ள வெள்ளை, காய்ச்சலோடு அடிவயிற்று நோ, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்கி நாளைக் கடத்தாமல் முதலில் காட்டுங்கள். முன்பு சுகமாக இருந்து பிறகு, அதுவும் பிள்ளைப்பேற்றுத் தையலுக்குப் பிறகு, இறுக்கம் வந்தவர்களும் அப்படியே.

பிள்ளை பற்றி: இந்த இறுக்கம் கருப்பையையும் முட்டையையும் தொடுவதில்லை. பிள்ளை தங்கும். முழுமையாக உறவு நடக்காமலே வாசலில் விழுந்த விந்தால் கர்ப்பமானவர்களும் உண்டு, ஆகவே இப்போது பிள்ளை வேண்டாம் என்பவர்கள் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று கவனமில்லாமல் இருக்கவேண்டாம்.

எங்கே போவது? உங்கள் பகுதிக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்போமே, அவரிடம் தனியே சொல்லலாம். புதுக்கலியாணம் கட்டியவர்களை அவர் எப்படியும் சந்திப்பார். ஊராள் என்று கூச்சமாக இருந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலை ஏதாவது ஒன்றில் பெண்ணோயியல் கிளினிக்குக்குப் போகலாம், காசு இல்லை. பெண் டொக்டரைக் கேட்கலாம், மாமியை வெளியே நிற்கச் சொல்லும்படி நேர்ஸிடம் முதலே சொல்லலாம். வாய் வரவில்லை என்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: "கலியாணமாகி இத்தனை மாதம். உறவு முடியவில்லை, வாசலிலேயே இறுகி நோகிறது. இன்று உள்ளே பரிசோதிக்கவேண்டாம், முதலில் கதைக்கவேண்டும்." கட்டிலில் ஏறிய பிறகும் நிறுத்தச் சொன்னால் அவர்கள் நிறுத்தவேண்டும். பின்னொரு நாள் பிரசவ அறைக்குப் போகும்போதும் கை வைத்துப் பார்க்க முந்தி இதையே சொல்லுங்கள், "எனக்கு இறுகும், மெதுவாப் பாருங்கோ, நான் மூச்சு விட்ட பிறகு" என்று. அந்தப் புதுக்குடியிருப்புத் தங்கச்சி அப்படித்தான் சொன்னாராம், சொன்னதும் அங்கே நின்ற மிட்வைஃப் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாராம்.